ஆஃபர், விடுமுறை நாட்களைச் சார்ட்டில் தானாகக் குறிப்பது எப்படி?

கேள்வி: "தினசரி ஆர்டர் எண்ணிக்கை சார்ட் ஒன்று ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் தானாகவே மெயிலில் போகிறது. ஆஃபர் நாளிலும் விடுமுறையிலும் கோடு எகிறுவதைப் பார்த்து, வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று ஒருவர் நினைக்கிறார்; சிஸ்டத்தில் கோளாறு என்று இன்னொருவர் நினைக்கிறார். வாராவாரம் உட்கார்ந்து கையால் குறிப்பு எழுத எனக்கு நேரமில்லை. இதைத் தானாகக் குறிக்க என்ன வழி?"

சார்ட்டில் குறிப்பு வரைவது பத்து வரி வேலைதான். அந்தக் குறிப்புக்கான தகவல் எங்கிருந்து வருகிறது, யார் அதைச் சரியாக வைத்திருக்கிறார்கள், குறிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. இத்தகைய ரிப்போர்ட்டுகளோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். குறிப்பே இல்லாத சார்ட்டைவிடத் தவறான குறிப்பு உள்ள சார்ட் அதிகக் கெடுதல் செய்யும் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பு இல்லையென்றால் படிப்பவர் "இது ஏன்?" என்று கேட்கவாவது செய்வார். குறிப்பு இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் எப்படி வரைவது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், எங்கெல்லாம் பிசகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் வேலை, நிகழ்வுகளுக்கென்று தனி டேபிள் ஒன்று. தேதிகளைச் சார்ட் வரையும் ஸ்கிரிப்டுக்குள் எழுதவே எழுதாதீர்கள். எழுதினால், ஒவ்வொரு ஆஃபருக்கும் ஸ்கிரிப்டைத் திறக்க வேண்டியவர் நீங்கள்தான். அதாவது கையால் குறிப்பு எழுதும் வேலை வேறு உருவத்தில் உங்களிடமே திரும்பி வருகிறது. டேபிளை நிரப்ப வேண்டியவர் ஆஃபரை அமைப்பவர். மார்க்கெட்டிங் குழுவில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். தேதி மாறினால் முதலில் தெரிவது அவருக்குத்தான். அவர் ஏற்கெனவே ஒரு ஷீட்டில் ஆஃபர் நாட்காட்டி வைத்திருந்தால் புதிதாக ஒன்றை அவர் தலையில் கட்டாதீர்கள், அதையே படித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் நிரப்பச் சொன்னால் இரண்டாவது இடம் சில வாரங்களில் பழசாகிவிடும்.

ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. பெயர், ஆஃபரா விடுமுறையா என்ற வகை, தொடங்கும் நாள், முடியும் நாள், எந்தப் பகுதிக்கு அல்லது எந்தப் பொருளுக்குப் பொருந்தும், நிலை. இவ்வளவு போதும். இதில் பலர் விட்டுவிடுவது கடைசி இரண்டையும்தான். எந்தப் பகுதிக்கு என்பது இல்லாவிட்டால், வடக்குப் பகுதியில் மட்டும் நடந்த ஆஃபர் தெற்குப் பகுதி சார்ட்டிலும் கோட்டின் பின்னால் நிழல் பட்டையாக விழுந்து, அங்கே வேறு காரணத்தால் வந்த உயர்வுக்குப் பெயர் வாங்கிக்கொள்ளும். நிலை என்பது திட்டமிட்டது, நடந்தது, ரத்தானது என்ற மூன்றில் ஒன்று. ரத்தான ஆஃபரின் வரியை அழிக்கச் சொல்லாதீர்கள், நிலையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். "ஆஃபர் என்று சொன்னார்களே, கோடு ஏன் அசையவில்லை?" என்று ஒருவர் கேட்கும்போது அந்த வரிதான் பதில். அதேபோல முடியும் நாளுக்கு இரண்டு பத்திகள் வையுங்கள்: திட்டமிட்ட முடிவு, உண்மையான முடிவு. ஆஃபரை இரண்டு நாள் நீட்டிப்பது எங்கும் நடக்கிற விஷயம். திட்டத்தில் ஞாயிறோடு முடிந்த பட்டைக்கு வெளியே திங்களும் செவ்வாயும் உயரமாக நின்றால், படிப்பவர் அதை "ஆஃபர் முடிந்த பிறகும் நீடிக்கும் வளர்ச்சி" என்று படிப்பார். இந்தச் சார்ட்டில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறான வாசிப்பு இதுதான், ஏனென்றால் அதை நம்பி அடுத்த மாத இலக்கை உயர்த்திவிடுவார்கள்.

விடுமுறைகளுக்குக் கையால் நிரப்பத் தேவையில்லை. பைத்தானில் `holidays` என்ற நூலகம் நாடு, மாநிலம் வாரியாகப் பட்டியல் தரும். ஆனால் அதை அப்படியே நம்பிவிட முடியாது. பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைகளை அது கணக்கிட்டுத்தான் தருகிறது. அப்படிப்பட்ட நாட்களின் பெயரோடு `(estimated)` என்று சேர்த்தும் காட்டும். உண்மையான நாள் ஒன்று முன்னே பின்னே போகலாம். கடைசி நேரத்தில் அரசு அறிவிக்கும் சிறப்பு விடுமுறைகளும் அதில் உடனே வந்துவிடாது. ஆகவே நூலகம் தருவதை அதே நிகழ்வு டேபிளில் ஏற்றிவிட்டு, ஒருவர் வருடத்துக்கு ஓரிரு முறை கண்ணால் பார்த்துத் திருத்தும்படி வையுங்கள். சார்ட் எப்போதும் டேபிளை மட்டுமே படிக்கட்டும். நூலகத்தை நேராகச் சார்ட்டோடு இணைத்தால், அதன் அடுத்த பதிப்பில் ஒரு நாள் மாறும்போது உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை மறுபடி வரைந்தால் அவையும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

இனி வரைவது. சார்ட் காட்டும் காலத்துக்குள் எந்த நிகழ்வுகள் வருகின்றன என்று வடிகட்டும்போதே முதல் ஓட்டை விழும். தொடங்கிய நாள் சார்ட்டின் காலத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், சார்ட் தொடங்குவதற்கு முந்தின நாளே ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆஃபர் காணாமல் போகும். இரண்டு காலங்களும் எங்காவது ஒன்றோடொன்று மேற்பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்:

```python
vis = events[(events.start <= win_end)
             & (events.end >= win_start)
             & events.scope.isin([region, "all"])
             & (events.status != "cancelled")]
half = pd.Timedelta(hours=12)
for e in vis.itertuples():
    ax.axvspan(e.start - half, e.end + half,
               color="0.9", zorder=0)
ax.set_xlim(win_start - half, win_end + half)
```

இதில் `end` என்பது உண்மையான முடிவு தெரிந்தால் அது, தெரியாவிட்டால் திட்டமிட்ட முடிவு. கடைசி வரி அவசியம். சார்ட்டின் காலத்துக்கு வெளியே நீளும் பட்டை, கிடை அச்சையும் தன்னோடு இழுத்து நீட்டிவிடும். இடது ஓரத்தில் டேட்டாவே இல்லாத வெற்றிடம் தோன்றினால் காரணம் இதுதான்.

அந்த பன்னிரண்டு மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். தினசரி டேட்டாவில் ஒவ்வொரு புள்ளியும் அந்த நாளின் நள்ளிரவு 00:00 மணியில் உட்காருகிறது. 12-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரை ஆஃபர் என்று பட்டையை அப்படியே வரைந்தால், அது 15-ஆம் தேதியின் புள்ளியைத் தொட்டதுமே நின்றுவிடும். பார் சார்ட்டாக இருந்தால் முதல் நாள் பாரில் பாதியும் கடைசி நாள் பாரில் பாதியும் பட்டைக்கு வெளியே நிற்கும். இரண்டு பக்கமும் அரை நாள் தள்ளினால் நான்கு நாளும் முழுசாக உள்ளே வரும். சின்ன விஷயம்தான், ஆனால் "கடைசி நாள் ஆஃபருக்குள் வருமா வராதா" என்று ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவதை இது தவிர்க்கும். ஒற்றைச் செங்குத்துக் கோடு போடாமல் பட்டையாக வரைவதும் இதனால்தான். கோடு எப்போது தொடங்கியது என்பதை மட்டும் சொல்லும். எப்போது முடிந்தது என்பதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார்.

இப்போது ஒரு கற்பனை உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம், ஏனென்றால் பட்டை சரியாக விழுந்த பிறகுதான் சார்ட் பேசத் தொடங்கும். சாதாரண நாளில் சுமார் 400 ஆர்டர் வரும் ஓர் இணையக் கடை. 2025 ஜூன் 12 வியாழன் முதல் 15 ஞாயிறு வரை ஆஃபர். 16-ஆம் தேதி திங்கள் காலை ரிப்போர்ட் போகிறது. வியாழன் 780, வெள்ளி 760, சனி 810, ஞாயிறு 790. எல்லாம் பட்டைக்குள் அழகாக நிற்கின்றன. ஆனால் புதன்கிழமை 620. பட்டைக்கு ஒரு நாள் முன்னாலேயே கோடு ஏறத் தொடங்கிவிட்டது. பெரும்பாலானவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். மலை மாதிரி ஏறிய கோடும் அதன் பின்னால் ஒரு பட்டையும் இருப்பதால், எல்லாமே ஆஃபர் என்று கண் எடுத்துக்கொள்ளும்.

முதல் சந்தேகம் கடிகாரம். டேட்டா UTC நேரப்படி நாளாகப் பிரிக்கப்பட்டு, ஆஃபர் உள்ளூர் நேரப்படி தொடங்கியிருக்கலாம். உள்ளூர் நேரம் UTC+5:30 என்றால், வியாழன் நள்ளிரவு தொடங்கும் ஆஃபர் UTC கணக்கில் புதன் மாலை 18:30-க்கே தொடங்குகிறது. அதாவது ஆஃபரின் முதல் ஐந்தரை மணி நேரம் புதன்கிழமைக் கணக்கில் சேரும். உள்ளூர் நேரம் UTC-க்குப் பின்னால் இருக்கும் இடங்களில் இதற்கு நேர்மாறாக, ஆஃபரின் கடைசி மணி நேரங்கள் மறுநாள் கணக்கில் வழியும். ஆனால் கடிகாரம்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, கடிகாரப் பிழை என்றால் இரண்டு முனையும் ஒரே பக்கம் நகர வேண்டும். புதன் ஏறியது போல, ஞாயிறு மாலை 18:30-க்கு மேல் ஆர்டர்கள் சாதாரண நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இரண்டு, நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரையிலான நேரம் பொதுவாக மந்தமானது. அதில் மட்டும் 220 ஆர்டர் கூடுதலாக வருவது, நள்ளிரவில் காத்திருந்து வாங்கும் வகை ஆஃபராக இருந்தாலொழிய, கடினம். புதன்கிழமையை மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஏற்றம் 18:30-க்குத் தொடங்கினால் கடிகாரம். காலையிலிருந்தே சீராக உயர்ந்திருந்தால் வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ என்பது இரண்டு வகையில் இருக்கலாம். உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகவே ஆஃபரைத் திறந்துவிட்டிருக்கலாம். அப்படியானால் டேபிளில் ஒரு வரி குறைகிறது, அவ்வளவுதான். அல்லது ஆஃபருக்கான புதிய பக்கத்தைப் புதன்கிழமை ஏற்றியபோது, ஓர் ஆர்டரை இரண்டு முறை எண்ணும் பிழை நுழைந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய ஆர்டர் டேபிளையே மறுபடி மறுபடி பார்த்துப் பயனில்லை. வேறு வழியில் வரும் ஓர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பணம் வந்து சேர்ந்த பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை அதற்கு நல்லது. 620 ஆர்டருக்குப் பணம் வந்தது சுமார் 600 என்றால் வியாபாரம் உண்மை. பணம் வந்தது 410 மட்டும் என்றால் மீதி வெறும் எண்ணிக்கைப் பிழை. அது உறுதியானால் வியாழன் முதல் ஞாயிறு வரையிலான எண்களையும் அதே சந்தேகத்தோடு திரும்பப் பார்க்க வேண்டும். பட்டைக்குள் இருந்த காரணத்தால்தான் அவற்றை யாரும் கேள்வி கேட்கவில்லை. தானியங்கிக் குறிப்பின் மிகப் பெரிய ஆபத்து இது: அது உண்மையான கோளாறுக்கும் காரணம் கற்பித்து, அதை மறைத்துவிடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் தடுப்பு எளிமையானது. அதே வகை ஆஃபர் முன்பு நடந்தபோது ஆர்டர் சாதாரண நாளைப்போல எத்தனை மடங்கு ஆனது என்று டேபிளிலிருந்தே கணக்கிட்டு, குறிப்புக்குப் பக்கத்தில் போடுங்கள். "முந்தைய நான்கு ஆஃபர்களில் 1.6 முதல் 2.1 மடங்கு, இப்போது 1.9" என்று இருந்தால் படிப்பவர் நிம்மதியாக நகரலாம். "இப்போது 3.4" என்று இருந்தால் பட்டை இருந்தும் விசாரிக்க வேண்டும். நான்கு ஆஃபர்களை வைத்து ஒரு வரம்பு சொல்வது புள்ளியியல் கணக்கில் பலவீனமானதுதான், ஐந்தாவது ஆஃபர் வரம்பைத் தாண்டியது என்பதாலேயே அது பிழையாகிவிடாது. ஆகவே அதை அலாரமாக வைக்காதீர்கள், பார்வைக்கு ஓர் எண்ணாக மட்டும் வையுங்கள். ஒரே ஒரு முறைதான் முன்பு நடந்திருக்கிறது என்றால் அந்த எண்ணையே காட்ட வேண்டாம்.

குறிப்பின் வாசகத்தைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். "ஆஃபர், ஜூன் 12–15" என்று எழுதுங்கள். "ஆஃபரால் உயர்வு" என்று எழுதாதீர்கள். முதலாவது நாட்காட்டியில் உள்ள உண்மை. இரண்டாவது ஒரு முடிவு. அந்த முடிவை ஸ்கிரிப்ட் எடுக்க முடியாது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் இருக்கிறது. எந்த நிகழ்வைக் காட்டுவது என்பதைக் கோட்டைப் பார்த்துத் தீர்மானிக்கவே கூடாது. "உயர்வு இருக்கும் நாட்களுக்கு மட்டும் குறிப்பு போட்டால் சார்ட் சுத்தமாக இருக்குமே" என்று யாராவது கேட்பார்கள், நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள். அப்படிச் செய்தால் வேலை செய்த ஆஃபர்கள் மட்டுமே சார்ட்டில் நிற்கும். ஒன்றும் நடக்காத ஆஃபர்கள் மறைந்துவிடும். ஆறு மாத ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் ஆஃபர் என்றாலே உயர்வு என்று முடிவுக்கு வருவார். பகுதியைக் கொண்டு வடிகட்டுங்கள், காலத்தைக் கொண்டு வடிகட்டுங்கள், பெரிய ஆஃபர் சின்ன ஆஃபர் என்று முன்கூட்டியே குறித்துவைத்து அதைக் கொண்டு வடிகட்டுங்கள். விளைவைக் கொண்டு மட்டும் வடிகட்டாதீர்கள்.

அதே நியாயப்படி, எந்தப் பட்டைக்குள்ளும் வராத பெரிய ஏற்ற இறக்கத்துக்கும் குறிப்பு வேண்டும்: "பட்டியலில் நிகழ்வு எதுவும் இல்லை." இது என்னுடைய அனுபவத்தில் மற்ற எல்லாக் குறிப்புகளையும்விட அதிகப் பயன் தருவது. அதைப் பார்த்துத்தான் மார்க்கெட்டிங் குழு தாங்கள் பதிவு செய்ய மறந்த ஆஃபரைச் சேர்ப்பார்கள். அப்படியொன்றும் இல்லையென்றால் உண்மையான கோளாறு அன்றைக்கே வெளியே வரும். எது பெரிய ஏற்றம் என்பதற்கு, கடந்த எட்டு வாரங்களின் அதே கிழமையின் இடைநிலை மதிப்போடு ஒப்பிடுவது போதும். சராசரி வேண்டாம், அந்த எட்டில் ஒரு ஆஃபர் நாள் இருந்தாலே சராசரி மேலே போய்விடும்.

மெயிலில் போகும் சார்ட் என்பதால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அது படமாகப் போகிறது. கர்சரை வைத்தால் விவரம் விரியும் வசதி இல்லை. தெரிய வேண்டியதெல்லாம் படத்திலேயே இருக்க வேண்டும். லேபிளைக் கோட்டின் மேலேயே எழுதினால் இரண்டு ஆஃபர் அடுத்தடுத்து வரும் வாரத்தில் எழுத்து எழுத்தின் மேல் ஏறும். நான் செய்வது, முதன்மைச் சார்ட்டுக்குக் கீழே மெல்லிய தனி வரிசை ஒன்று, அதே கிடை அச்சோடு: `plt.subplots(2, 1, sharex=True, height_ratios=[6, 1])`. பெயரெல்லாம் கீழ் வரிசையில். மேலே வெளிறிய பட்டை மட்டும். விடுமுறைக்குச் சாம்பல் நிறம், ஆஃபருக்குக் கோடு போட்ட பட்டை. நிறத்தை மட்டும் வைத்து வித்தியாசம் காட்டாதீர்கள், கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவரும் இருப்பார், நிறம் பிரித்தறிய முடியாதவரும் இருப்பார். ஆறேழு லேபிளுக்கு மேல் போனால் கீழ் வரிசையில் எண் மட்டும் போட்டு, பெயர்களை மெயிலில் படத்துக்கு அடியில் எழுதிவிடுங்கள்.

விடுமுறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விளைவு பெரும்பாலும் அந்த நாளில் விழுவதில்லை. பண்டிகைக்கு முந்தின நாட்களில் ஆர்டர் ஏறும், பண்டிகை அன்று இறங்கும், அதற்கு அடுத்த சில நாட்கள் சாதாரண நிலைக்கும் கீழே இருக்கும். ஒரே நாளுக்குப் பட்டை போட்டால் அது பள்ளத்தின் மேல் விழுந்து, முன்னால் நிற்கும் உயரம் விளக்கமில்லாமல் நிற்கும். ஆஃபருக்கும் இந்த வால் உண்டு. அடுத்த வாரம் வாங்கியிருக்க வேண்டியவர்கள் ஆஃபரில் முன்கூட்டியே வாங்கிவிட்டால், முடிந்த பிறகு ஒரு சரிவு வரும். அதை "வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்" என்று படித்துவிடக் கூடாது. முன்கணிப்புக்குப் பயன்படும் `Prophet` இதற்காகவே ஒவ்வொரு விடுமுறைக்கும் `lower_window`, `upper_window` என்று முன்னே பின்னே எத்தனை நாள் என்பதைக் கேட்கிறது. உங்கள் டேபிளிலும் அதே இரண்டு பத்திகளைச் சேர்த்து, முன்னும் பின்னும் உள்ள நாட்களை இன்னும் வெளிறிய நிழலாகக் காட்டலாம். ஆனால் எத்தனை நாள் என்பதைப் போன வருட டேட்டாவைப் பார்த்து முன்கூட்டியே எழுதிவையுங்கள். இந்த வாரக் கோடு எங்கே ஏறுகிறதோ அதுவரை நிழலை நீட்டினால், மேலே சொன்ன அதே தவறு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

உங்கள் ரிப்போர்ட்டில் "போன வருடம் இதே காலம்" என்று ஒரு கோடும் இருந்தால், இந்த வருடத்துக்கு மட்டும் பட்டை போட்டுப் பயனில்லை. ஈஸ்டர் 2024-இல் மார்ச் 31-ஆம் தேதி வந்தது, 2025-இல் ஏப்ரல் 20-ஆம் தேதி. முதல் வருடம் முதல் காலாண்டுக்குள், அடுத்த வருடம் இரண்டாவது காலாண்டுக்குள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. மாதத்துக்கு மாதம் ஒப்பிடும் சார்ட்டில் ஒரு மாதம் பிரமாதமாகவும் அடுத்த மாதம் மோசமாகவும் தெரியும், இரண்டும் பொய். இங்கே குறிப்பு ஓரளவுக்குத்தான் உதவும். போன வருடக் கோட்டை 364 நாள் தள்ளி வைத்துக் கிழமையைப் பொருத்துவதும், நகரும் பண்டிகையைச் சுற்றிய வாரங்களைப் பண்டிகை நாளையே மையமாக வைத்துத் தனியாக ஒப்பிடுவதும்தான் சரியான வழி. வாராந்திரப் பார்களில் இன்னொன்று: நான்கு நாள் ஆஃபர் இரண்டு வாரங்களுக்கு இடையே பிளந்து நின்றால் இரண்டு பாருக்கும் ஒரே குறிப்பு போடாதீர்கள். ஒன்றில் "ஆஃபர், 3 நாள்" என்றும் மற்றதில் "ஆஃபர், 1 நாள்" என்றும் எழுதுங்கள்.

கடைசியாக, இந்த ஏற்பாடு உடைந்தால் சத்தம் வராது. ஒருவர் பகுதியின் பெயரை வேறு மாதிரி எழுதினாலோ, நிரப்புபவர் வேலையை விட்டுப் போனாலோ, வடிகட்டல் வெறும் டேபிளைத் தரும், ஸ்கிரிப்ட் குறை சொல்லாமல் சுத்தமான சார்ட்டை வரைந்து அனுப்பும். படிப்பவர் "இந்த வாரம் ஒன்றும் இல்லை போல" என்று எடுத்துக்கொள்வார். ஆகவே சார்ட்டின் அடியில் "நிகழ்வுப் பட்டியல் கடைசியாகத் திருத்தப்பட்டது" என்று தேதியோடு ஒரு வரி எப்போதும் இருக்கட்டும். டேபிளைப் படிக்க முடியாவிட்டாலோ, வரும் மாதத்துக்கு ஒரு வரிகூட இல்லாவிட்டாலோ, ரிப்போர்ட்டை நிறுத்த வேண்டாம். படத்தின் மேலேயே "இந்த வாரம் நிகழ்வுக் குறிப்புகள் கிடைக்கவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு வாரமும் அனுப்பிய பட்டியலின் நகலையும் எடுத்துவையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழைய ரிப்போர்ட்டை ஒருவர் நீட்டும்போது, அன்றைக்குப் பட்டியலில் என்ன இருந்தது என்று காட்ட அது வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும், 780-இல் எத்தனை ஆர்டர் ஆஃபரால் வந்தது என்று உங்கள் மேலாளர் கேட்டால் இந்தச் சார்ட்டால் பதில் சொல்ல முடியாது. பட்டை ஒரே நேரத்தில் நடந்ததைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதற்கு ஆஃபர் கிடைக்காத ஒரு பகுதியையோ ஒரு வாடிக்கையாளர் குழுவையோ முன்கூட்டியே ஒதுக்கிவைத்து, அதே நாட்களில் அவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒப்பிட வேண்டும். அதை ஆஃபர் தொடங்கும் முன் மார்க்கெட்டிங் குழுவோடு பேசித்தான் ஏற்பாடு செய்ய முடியும். அப்படி ஒதுக்கியிருந்தால், அந்தக் குழுவின் கோட்டையும் இதே சார்ட்டில் மெல்லிய கோடாகச் சேர்த்துவிடுங்கள்.